மெயிலில் சூடாக எழுதியாச்சு, சண்டையைக் கிளறாமல் சாரி சொல்வது எப்படி

ஆபீஸில் சேர்ந்த முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் எல்லோருக்கும் ஒருமுறையாவது இது வரும். வேலை நெருக்கடியில், கூட வேலை பார்ப்பவருக்குக் காட்டமாக ஒரு மெயில் போய்விடும். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தால் எழுதிய விதம் சரியில்லை என்று நமக்கே தெரியும், ஆனால் சொன்ன விஷயம் தப்பு என்றும் தோன்றாது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மன்னிப்புக் கேட்டால் விஷயத்திலும் தோற்றுவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்று சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் சாரி என்று ஆரம்பித்து மூன்றாவது வரியிலேயே பழைய சண்டைக்குப் போய்விடுகிறார்கள். தொனிக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்தை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவைக்க முடியும், அதைத்தான் ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக் கடைசிவரை சொல்லப்போகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தரக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண், பர்ச்சேஸில் பல வருடமாக இருக்கும் ஒருவர். ஒரு வெண்டரிடம் 6 லட்சத்துக்குச் சரக்கு வாங்கியிருக்கிறார்கள், 18 சதவீத ஜிஎஸ்டி 1,08,000 ரூபாய். வெண்டர் அந்த பில்லைத் தன்னுடைய ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் 11-ஆம் தேதிக்குள் ஏற்றியிருந்தால் 14-ஆம் தேதி கம்பெனிக்கு வரும் 2பி பட்டியலில் அது தெரியும், 20-ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட்டு வரி கட்டும்போது, வெண்டருக்குக் கொடுத்த அந்த வரியை இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளலாம். வெண்டர் ஏற்றவில்லை, 2பி-யில் பில் வரவில்லை, ஆகவே இந்த மாதம் அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்டவேண்டியதுதான். வெண்டரைத் துரத்துவது பர்ச்சேஸின் வேலை என்கிறது அக்கவுண்ட்ஸ், வரி சம்பந்தப்பட்டதை வெண்டரிடம் பேசவேண்டியது அக்கவுண்ட்ஸ்தான் என்கிறது பர்ச்சேஸ். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. 18-ஆம் தேதி சாயங்காலம் அந்தப் பெண் இப்படி எழுதிவிடுகிறாள், சிசி-யில் இரண்டு மேனேஜர்களும் ஸ்டோர்ஸும்:

"இந்த பில் பற்றி மூன்று முறை சொல்லியும் நீங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரு வெண்டருக்கு போன் செய்வதுகூட உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா? 1,08,000 ரூபாய் இந்த மாதம் கையிலிருந்து போகிறது. பர்ச்சேஸில் எப்போதும் இதே கதைதான்."

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில்: "நோட்டட்." வழக்கமாக "சரிம்மா, பாக்குறேன்" என்று எழுதுகிறவர். இப்படி ஒரு வார்த்தைப் பதில் வந்தாலோ, அதுவரை நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் மேனேஜரை சிசி-யில் போட ஆரம்பித்தாலோ, பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

(மெயிலைத் திரும்ப வாங்கிவிடலாமே என்று நினைக்காதீர்கள். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 நொடிதான் கிடைக்கும். அவுட்லுக்கில் ரீகால் இருக்கிறது, அது ஒரே நிறுவனத்துக் கணக்குகளுக்குள்தான் வேலை செய்யும், அதற்குள் அவர் படித்திருந்தால் படித்தது படித்ததுதான்.)

முதல் வேலை, அனுப்பிய மெயிலை வரி வரியாகப் பிரிப்பது

எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இல்லையென்றால் மொத்தத்துக்கும் கேட்போம், அல்லது எதற்குமே கேட்காத மாதிரி பொத்தாம்பொதுவாகக் கேட்போம். அதனால் மெயிலைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: பில் விஷயத்தில் முழுத் தப்பும் அவர் பேரில்தான் என்று நாளைக்கே முடிவானாலும், இந்த வரியை நான் எழுதியிருக்கலாமா? கூடாது என்று பதில் வந்தால் அந்த வரிக்கு மன்னிப்பு உண்டு. எழுதியிருக்கலாம் என்றால் அது விஷயம், அதைத் தொடவேண்டாம்.

மேலே இருக்கிற மெயிலை இப்படிப் பார்ப்போம். மூன்றாவது வரி, 1,08,000 ரூபாய் போகிறது என்பது, உண்மை. அதற்கு மன்னிப்பு தேவையில்லை. இரண்டாவது வரி அவர் வேலை செய்ய மனமில்லாதவர் என்கிறது, அதுவும் மேனேஜர் படிக்கிற இடத்தில். தப்பு முழுக்க அவருடையதாக இருந்தாலும் அப்படி எழுதியிருக்கக்கூடாது. நான்காவது வரி அவரை விட்டுவிட்டு மொத்த டிபார்ட்மென்ட்டையே இழுக்கிறது, இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஆட்களுக்கும் அது பட்டிருக்கும். முதல் வரிதான் கொஞ்சம் சிக்கல். மூன்று முறை சொன்னது உண்மை, "கண்டுகொள்ளவில்லை" என்பது நம்முடைய ஊகம், அவர் வெண்டரிடம் பேசியிருக்கலாம், வெண்டர் இழுத்தடித்திருக்கலாம். ஆனால் இந்த வரிக்குள் போனால் யார் எப்போது சொன்னார்கள் என்ற கணக்கு ஆரம்பித்துவிடும். அதனால் மன்னிப்பில் அதைத் தனியாக எடுக்கவேண்டாம் என்பதுதான் என் கருத்து. இரண்டாவது, நான்காவது வரிகள் போதும்.

இப்படிப் பார்க்கும்போது விஷயத்திலேயே நீங்கள் தப்பாக எழுதியிருப்பது தெரியவந்தால், உதாரணத்துக்கு பில் 2பி-யில் உண்மையில் வந்திருந்தும் நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றால், கதை வேறு. அந்தத் திருத்தத்தை உடனே, சிசி-யில் இருந்த எல்லோருக்கும், சுற்றி வளைக்காமல் அனுப்புங்கள். அதேபோல எழுதியது ஜாதி, பெண், உடம்பு, மதம் என்று எதையாவது குத்துகிற வார்த்தை என்றால் அதைத் தொனி என்ற கணக்கில் சேர்க்க முடியாது, இந்தக் கட்டுரை அதற்கானது இல்லை.

எப்போது

அன்று ராத்திரியே வேண்டாம், உங்களுக்கும் சூடு இறங்கியிருக்காது, அவருக்கும் இறங்கியிருக்காது. மறுநாள் ஆபீஸ் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். பலரும் செய்கிற தவறு, "பிரச்னை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ஒத்திப்போடுவது. பில் விஷயம் உங்களுக்குச் சாதகமாக முடிந்தபிறகு சாரி சொன்னால் ஜெயித்துவிட்டுப் பெருந்தன்மை காட்டுவதுபோல இருக்கும், பாதகமாக முடிந்தபிறகு சொன்னால் தோற்றதால் சொல்கிறாள் என்று ஆகும். யார் சரி என்று தெரியாமல் இருக்கும்போதே சொல்கிற சாரிதான் உண்மையிலேயே தொனிக்கானதாக நிற்கும். நம் உதாரணத்தில் 20-ஆம் தேதி கெடு இருக்கிறது, அன்று இரண்டு டிபார்ட்மென்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே 19-ஆம் தேதி காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

எங்கே

பக்கத்து ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு மெயிலில் சாரி அனுப்புவது நம் ஊரில் ஒதுங்கிப்போகிற மாதிரி தெரியும், அதுவும் வயதில் மூத்தவர் என்றால். எழுந்து போய்ச் சொல்லத்தான் வேண்டும். அதே சமயம் நேரில் சொல்வது மட்டும் போதாது, ஏனென்றால் காயம் எழுத்தில் இருக்கிறது, அந்த மெயிலை மேனேஜர்கள் படித்திருக்கிறார்கள். அதனால் என் வழி இது: முதலில் ஒரு சின்ன மெயில் அவருக்கு மட்டும், அப்புறம் அன்றைக்கே அவர் சீட் பக்கம் போய் இரண்டு வாக்கியம். மெயில் முதலில் போவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவருக்கு உடனே பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. திடுதிப்பென்று முன்னால் போய் நின்றால் அவர் கோபம் தீராமலேயே "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுவார், அது உள்ளேயே தங்கிவிடும்.

நேரில் சொல்வதற்கு நாலு மணி டீக்கடைக் கூட்டம் சரியான இடம் இல்லை. சுற்றி நாலு பேர் இருந்தால் அதில் ஒருவர் "என்ன விஷயம், அந்த பில்லா?" என்று கேட்பார், அத்தோடு முடிந்தது. அவர் வேறு ஊர்க் கிளையில் இருந்தால் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற எமோஜியோடு ஒரு சாரி போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாலு வரியில் குத்திவிட்டு ஒரு படத்தில் முடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

புது மெயில், பழைய மெயிலுக்கு ரிப்ளை இல்லை

பலர் கவனிக்காத இடம் இது, ஆனால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. அவருடைய "நோட்டட்" பதிலுக்கு ரிப்ளை அடித்து சாரி எழுதினால் அதற்குக் கீழே பழைய மெயில் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் உங்கள் மன்னிப்பைப் படித்துவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் "ஒரு வெண்டருக்கு போன் செய்வதுகூட" என்ற வரி அப்படியே இருக்கும். தலைப்பும் "பில் பெண்டிங்" என்றே இருக்கும். கை தவறி ரிப்ளை ஆல் போய்விடுகிற ஆபத்து வேறு. நாளைக்கு யாராவது அந்த பில் பற்றிய மெயில் தொடரை ஆடிட்டருக்கு ஃபார்வர்டு செய்தால் உங்கள் மன்னிப்பும் சேர்ந்து போகும்.

அதனால் புதிதாக ஒரு மெயில் திறந்து, அவர் பெயரை மட்டும் போடுங்கள், சிசி காலி, பிசிசி-யும் காலி. மேனேஜரை பிசிசி-யில் வைத்து மன்னிப்புக் கேட்பது மேனேஜருக்குக் காட்டுவதற்காக எழுதுவது, தெரியவந்தால் பழைய மெயிலைவிட மோசமாகிவிடும். தலைப்பில் பில் நம்பர், வெண்டர் பெயர், "சாரி" எதுவும் வேண்டாம். "நேற்று நான் எழுதிய மெயில்" என்று இருந்தால் போதும்.

என்ன எழுதுவது

ஆபீஸ் மெயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன், நீங்கள் எப்போதும் எழுதுகிற மொழியில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வழக்கமாக எழுதப்படுவது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்:

"சார், நேற்றைய மெயில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருந்தால் சாரி. 2பி-யில் பில் வராததால் ரொம்ப டென்ஷனில் இருந்தேன். உங்களைக் காயப்படுத்தும் எண்ணம் இல்லை. ஆனால் மூன்று முறை ஞாபகப்படுத்தியும் பதில் வராதபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இனி இப்படி நடக்காமல் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம். தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்."

படிக்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் "கஷ்டமாக இருந்திருந்தால்" என்றதும், பட்டதா இல்லையா என்று நிரூபிக்கிற வேலை அவர் தலையில் போய் விழுகிறது. டென்ஷன் வரியைப் பாருங்கள். காரணம் சொல்வது பொதுவாகத் தப்பு இல்லை, ஆனால் இங்கே காரணமே சண்டைதான். 2பி-யில் பில் வரவில்லை என்று எழுதிய நொடியில், அது யாரால் வரவில்லை என்ற கேள்வி மேலே வந்துவிடும். "ஆனால்" வந்தபிறகு என்ன வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. "இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம்" என்பது, காட்டமாக எழுதியது நான் ஒருத்தி மட்டும்தான் என்ற உண்மையை அவரோடு பங்கு போட்டுக்கொள்கிறது. கடைசியில் மன்னித்துவிடுங்கள் என்ற கெஞ்சல், அவர் ஏதாவது பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நெருக்குகிறது. 2016-இல் அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவருடன் சேர்ந்தவர்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்வதுதான் அதிகம் எடுபட்டது, அடுத்தது சரிசெய்ய முன்வருவது. மன்னிக்கும்படி கேட்பது கடைசியில் நின்றது. எனவே அந்த வரியை விட்டுவிடுவதால் குறைவு எதுவும் இல்லை.

இப்போது திருத்தி எழுதியது:

"வணக்கம் சார். நேற்று சாயங்காலம் நான் அனுப்பிய மெயிலில், போன் செய்வதுகூடக் கஷ்டமா என்று கேட்டதும், பர்ச்சேஸ் பற்றிப் பொதுவாக எழுதிய கடைசி வரியும் தவறு. மேனேஜர்கள் சிசி-யில் இருக்கும்போது அப்படி எழுதியது இன்னும் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சிசி-யில் இருந்தவர்களுக்கும் இன்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். பில் வேலையை இந்த மெயிலில் கலக்கவில்லை, அது தனியாக நடக்கட்டும். இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று இல்லை."

என்ன எழுதினேன் என்பது அதிலேயே இருக்கிறது, ஆகவே எதற்கு இந்தச் சாரி என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. தப்பு என்னுடையது என்று "இருந்திருந்தால்" இல்லாமல் வருகிறது. சரிசெய்ய ஒரு காரியம் இருக்கிறது, சிசி-க்காரர்களுக்கு எழுதுவது. தேதி இல்லை, தொகை இல்லை, எத்தனை முறை சொன்னேன் என்ற எண்ணிக்கையும் இல்லை. அனுப்புவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சண்டையில் ஆதாரமாகப் பயன்படக்கூடிய ஒரு எண்ணாவது மன்னிப்பில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

"பில் வேலையை இந்த மெயிலில் கலக்கவில்லை" என்ற வரி தேவையா என்று சிலர் கேட்பார்கள். தேவை என்றுதான் நினைக்கிறேன், அது இல்லாவிட்டால் பில் விஷயத்திலும் அக்கவுண்ட்ஸ் இறங்கிவந்துவிட்டது என்று அவர் நியாயமாகவே நினைத்துக்கொள்ளலாம், அடுத்த வாரம் நீங்கள் அதைப் பற்றிப் பேசும்போது ஏமாற்றியதுபோல ஆகும். ஆனால் அந்த வரியில் உங்கள் கட்சி இருக்கக்கூடாது. "பில் விஷயத்தில் என் நிலை மாறவில்லை" என்று எழுதினால் கலக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கலப்பதுதான்.

அப்புறம் அவர் சீட் பக்கம் போகும்போது இதையே மறுபடி ஒப்பிக்கவேண்டாம். "அண்ணா, காலைல ஒரு மெயில் போட்டேன். நேத்து நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, அவர் ஏதாவது சொன்னால் கேட்டுவிட்டு, கிளம்பிவிடுங்கள். அங்கேயே நின்றுகொண்டிருந்தால் பேச்சு பில்லுக்குத்தான் போகும்.

சிசி-யில் இருந்தவர்களுக்கு

நாலு பேர் முன்னால் சொன்னதை ஒருவரிடம் மட்டும் தனியாகத் திருப்பி எடுத்துக்கொண்டால் மற்ற மூன்று பேர் மனதில் பழையதுதான் நிற்கும். அதனால் அவருக்கு எழுதி, நேரிலும் சொல்லியபிறகு, அதே ஆட்களுக்கு, அவரையும் சேர்த்து, இதுவும் புது மெயிலாக, இரண்டே வாக்கியம்: "நேற்று நான் அனுப்பிய மெயிலின் தொனியும், பர்ச்சேஸ் பற்றி எழுதிய கடைசி வரியும் சரியில்லை, அதற்கு வருந்துகிறேன். சாரிடமும் சொல்லிவிட்டேன்." இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம், இங்கே நீளமாக உருகினால் மேனேஜர்கள் முன்னால் அவருக்குத்தான் சங்கடம்.

சில மேனேஜர்கள் இதற்கே ரிப்ளை ஆல் போட்டு "சரி, அந்த பில் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அந்தத் தொடரில் பதில் சொல்லாதீர்கள். பழைய பில் மெயில் தொடருக்குப் போய் அங்கே நிலவரத்தை எழுதுங்கள், இங்கே "அந்தத் தொடரில் அப்டேட் போட்டிருக்கிறேன் சார்" என்று மட்டும் போடுங்கள்.

அவர் சண்டையைத் திறந்தால்

பெரும்பாலும் பதில் "பரவாயில்லை" என்று வரும், அல்லது எதுவும் வராது. வராவிட்டால் விட்டுவிடுங்கள். கிடைத்ததா, படித்தீர்களா என்று இரண்டாவது மெயில் போட்டால் அது நம் நிம்மதிக்காகக் கேட்பது, அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

கஷ்டமான பதில் இப்படி வரும்: "பரவாயில்லம்மா. ஆனா வெண்டர்கிட்ட நான் ரெண்டு தடவை பேசினேன், அது உங்களுக்குத் தெரியாது. ஜிஎஸ்டி ஃபாலோஅப் எங்க வேலையும் கிடையாது." படித்ததும் கை தானாகக் கீபோர்டுக்குப் போகும். இந்த பதிலில் இரண்டு விஷயம் இருக்கிறது. வெண்டரிடம் பேசினேன் என்பது உங்களுக்குத் தெரியாத புதுத் தகவல், "கண்டுகொள்ளவில்லை" என்ற உங்கள் ஊகத்துக்கு நேரான பதில், அதைக் காதில் வாங்கிக்கொண்டேன் என்று காட்டவேண்டும். யார் வேலை என்பது அந்தப் பழைய சண்டை, அதற்குச் சம்மதமும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். இப்படி எழுதலாம்: "நீங்கள் வெண்டரிடம் பேசியது எனக்குத் தெரியாது சார், சொன்னதற்கு நன்றி. ஃபாலோஅப் யார் செய்வது என்பதை 3பி முடிந்தபிறகு மேனேஜர்களோடு உட்கார்ந்து பேசுவோம்." இதற்கும் அவர் திருப்பி எழுதினால் பதில் போடவேண்டாம். அந்த மீட்டிங்குக்கு 21-ஆம் தேதிக்குமேல் ஒரு நேரம் குறித்து அழைப்பு அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போடுவதற்காகச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியட்டும்.

அடுத்த வேலை மெயில்

மன்னிப்புக்குப் பிறகு அவருக்குப் போகிற முதல் வேலை மெயிலை அவர் கூர்ந்து படிப்பார். அதில் அளவுக்கு மீறிய பணிவு இருந்தாலும் உறுத்தும், "சென்ற முறைபோல ஆகிவிடாமல்" என்று ஒரு சொல் வந்தாலும் மன்னிப்பு வீண். சிசி-யையும் பாருங்கள், இந்த வேலைக்கு மேனேஜர் தேவையா? தேவையில்லை என்றால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். நம் உதாரணத்தில் கிரெடிட் அடியோடு போய்விடவில்லை, வெண்டர் அடுத்த மாதம் பில்லை ஏற்றினால் அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய பில் மெயில் தொடரிலேயே, மாதம் பிறந்ததும் இப்படி ஒன்று:

"வணக்கம் சார். அந்த வெண்டர் இந்த 11-ஆம் தேதிக்குள் பில்லை ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றினால் 14-ஆம் தேதி 2பி-யில் நமக்கு வந்துவிடும். பில் நம்பரும் நம் ஜிஎஸ்டி நம்பரும் கீழே இருக்கிறது, வெண்டருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்தால் போதும். அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளின் நம்பர் கிடைத்தால் 10-ஆம் தேதி நானே ஒருமுறை பேசிவிடுகிறேன்."